கதவிடுக்கில் நுழையும் குக்கர் விசில்

வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹாலை ஒட்டிச் சமையலறை. படுக்கையறைக்குத் தெருப்பக்கம் ஒரு ஜன்னல். மேலாளர் அழைப்பில் இருக்கும்போதுதான் குக்கர் விசிலடிக்கும். உடனே பலரும் செய்வது, கறுப்பு ஃபோம் அட்டைகளை வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டுவது. பணத்துக்குத்தான் கேடு. அறைக்குள் எழும் எதிரொலியை ஃபோம் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தை அது தடுக்காது. போதாக்குறைக்கு, வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் பெயர்ந்ததென்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

காற்று போகும் வழியெல்லாம் சத்தமும் போகும். இரவில் அறை விளக்கை அணைத்து, ஹாலில் விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் கண்ணில் படும். பெரும்பாலும் கதவுக்கடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். இரண்டு பக்கமும் ஃபோம் உருளை உள்ள செருகு பட்டையை அதில் மாட்டலாம். துளை போட வேண்டாம், போகும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். தள்ளு ஜன்னலாக இருந்தால், அதன் ஓரத்தில் இருக்கும் பிரஷ் பட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றினால் ஆட்டோ ஹாரன் கொஞ்சம் அடங்கும்.

ஆனால், பேருந்தின் உறுமலும் போர்வெல் மோட்டாரின் அதிர்வும் சுவர் வழியாகவே வந்துவிடும். அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது. வாயருகே மைக் நீளும் ஹெட்செட்தான் வழி. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் பேச்சு ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். பின்னணிச் சத்தம் அப்படியே இருக்கும். இடுக்கையெல்லாம் அடைத்த அறை சீக்கிரம் புழுங்கும் என்பதால், அழைப்புகளுக்கு நடுவே ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்.

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுவது நல்லது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வீடியோவில் முகம் இருண்டுபோகும், திரையிலும் வெளிச்சம் பட்டுக் கூசும்.

அடுத்தது மின்சாரம். சென்னையில் பராமரிப்பு மின்தடை என்றால் வழக்கமாகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. அதற்காக வாடகை வீட்டில் இன்வெர்ட்டர் வைக்க வயரிங்கில் கைவைக்க வேண்டும், வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி உண்டு. சட்டென்று அணைவது ரௌட்டர்தான். அதற்கென்றே கையடக்க யுபிஎஸ் விற்கிறது. பெட்டியில் 8000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் மலைக்க வேண்டாம். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 30 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. 8 வாட் இழுக்கும் ரௌட்டருக்கு, இழப்பு போக, சுமார் 3 மணி நேரம் தாங்கும். ரௌட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பார்த்து அதற்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் சில வீடுகளில் ரௌட்டர் விளக்கு எரியும், இணையம் மட்டும் வராது. மாடிப்படியருகே இணைப்புக்காரர் வைத்த சுவிட்ச் பெட்டிக்கு மின்சாரம் போயிருக்கும். ஃபைபர் நேராக வீட்டுக்குள் வருகிறதா, அந்தப் பெட்டியிலிருந்து கேபிளாக வருகிறதா என்று யுபிஎஸ் வாங்கும் முன்பே இணைப்புக்காரரைக் கேட்டுவிடலாம். பெட்டி வழி என்றால், அதற்கும் பேக்கப் உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். சிக்னல் எந்த மூலையில் நன்றாக எடுக்கிறதென்று பார்த்த பிறகு மேசைக்கு இடம் பிடிக்கலாம்.