எண்பதில் ஒடியும் கோடு

பல கார்களில் மணிக்கு 50 கி.மீ. முதல் 80 கி.மீ. வரை எரிபொருள் செலவு பெரிதாக மாறுவதில்லை. அதற்கு மேல் காற்றின் தடை ஓங்கி, செலவு விறுவிறுவென ஏறுகிறது. இத்தகைய தரவுக்கு ஒரே நேர்கோட்டைப் பொருத்தினால், எந்தப் பகுதிக்கும் அது சரியாக அமையாது.

கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். 100 கி.மீ. ஓட அது 50, 60, 70, 80 வேகங்களில் முறையே 5.2, 5.1, 5.0, 4.9 லிட்டரும், 90, 100, 110, 120 வேகங்களில் 5.5, 6.1, 6.7, 7.3 லிட்டரும் குடிக்கிறது. இந்த எட்டுப் புள்ளிகளுக்கும் ஒரே கோடு போட்டால், 80-இல் 5.57 லிட்டர் என்று அது சொல்லும். உண்மைச் செலவு 4.9தான். இரு ஓரங்களிலும் புள்ளிகள் கோட்டுக்கு மேலேயும், நடுவில் எல்லாமே கீழேயும் நிற்கும். விலகல்கள் இப்படி ஒழுங்காக வரிசைகட்டி நின்றால், கோட்டின் வடிவமே தவறு என்று பொருள்.

இதற்குத் தீர்வு, ஓரிடத்தில் ஒடிந்து சாய்வு மாறும் கோடு:

```
y = b0 + b1*x + b2*MAX(0, x-c)
```

இதில் x வேகம், y எரிபொருள் செலவு, c முறிவுப்புள்ளி. c வரை கடைசி உறுப்பு சுழியம் என்பதால் சாய்வு b1 மட்டுமே. அதைத் தாண்டியதும் b1+b2. இரு பகுதிகளுக்கும் தனித்தனிக் கோடு போட்டால் அவை 80-இல் சந்திக்காமல் போகலாம். இந்த வடிவத்தில் கோடு எங்கும் அறுபடாது.

எக்செலில் வேகத்தை A பத்தியிலும் செலவை C பத்தியிலும் இட்டு, B2-இல் `=MAX(0,A2-80)` என எழுதிக் கீழே இழுத்தபின் `=LINEST(C2:C9,A2:B9)` கொடுத்தால் போதும். விடை பின்னிருந்து முன்னாக 0.07, -0.01, 5.7 என வரும். அதாவது 80 வரை ஒவ்வொரு கி.மீ. வேகத்துக்கும் செலவு 0.01 லிட்டர் குறைகிறது, அதன்பின் 0.06 லிட்டர் கூடுகிறது.

இங்கே 80 என்பது முன்பே தெரிந்ததுபோல் வைக்கப்பட்டது. உண்மைத் தரவில் அதைத் தேட வேண்டும். c-க்கு 60, 61, 62 என ஒவ்வொரு மதிப்பாக வைத்துப் பொருத்தி, விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைகிறது என்று பார்ப்பதே எளிய வழி. அந்தத் தொகைகளை வரைபடமாக்குவது மிகவும் பயன்தரும். பள்ளம் கூர்மையாக இருந்தால் முறிவுப்புள்ளியை நம்பலாம். 70 முதல் 90 வரை தட்டையாகக் கிடந்தால், 80 என்று அடித்துச் சொல்லத் தரவு இடம் தரவில்லை. முறிவுக்கு அப்பால் ஓரிரு புள்ளிகளே இருக்கும்போது, ஒரே ஒரு பிழையான அளவீடுகூட ஒரு பொய் முறிவை உண்டாக்கிவிடும்.

இன்னொரு பொறி பலர் கண்ணில் படுவதில்லை. c-ஐத் தேடிப் பிடித்த பிறகு, b2-இன் முக்கியத்துவத்தை வழக்கமான t-சோதனையால் அளப்பது செல்லாது. பல இடங்களில் தேடினால், தற்செயலாகவே எங்கோ ஒரு முறிவு தட்டுப்படும். இதற்கென்றே டேவிஸ் 1977-லும் 1987-லும் தனிச் சோதனை முறைகளை வகுத்தார்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 80-இல் திடீரென்று பிறப்பதல்ல. ஆகவே இங்கே முறிவு என்பது ஒரு வளைவை இரண்டு கோடுகளால் சுருக்கிக் காட்டுவதுதான். பொருத்தியபின் மிஞ்சும் விலகல்களில் இன்னும் வளைவு தெரிந்தால், x² உறுப்புச் சேர்த்த வளைகோடே இந்தத் தரவுக்குப் பொருந்தும்.