எம்20, எம்25: அந்த நம்பர் என்ன சொல்லுது?

அப்பா ஊர்ல மாடி வீடு கட்டும்போது டிராயிங்ல ‘எம்25’னு இருந்தது. எனக்கு அது ஏதோ சாஃப்ட்வேர் வெர்ஷன் மாதிரி தெரிஞ்சுது. எம்னா மிக்ஸ். 25ங்கிறது வலிமை. அதாவது, 15 செ.மீ. கான்கிரீட் க்யூப் 28 நாள் கழிச்சு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கணும்.

கம்பி கட்டின கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 சொல்ற குறைந்தபட்சம் எம்20. ஆனா மண்ணைத் தொடுற காலத்துக்கும் மழை படுற மொட்டைமாடி ஸ்லாபுக்கும் எம்25 வேணும். கடற்கரை ஓரம்னா எம்30.

காலத்துக்கு எம்25, உள்ளே இருக்கிற ஸ்லாபுக்கு எம்20னு பிரிக்கலாம். ஆனா ரெண்டும் சேர்ற இடத்துல எது ஊத்தினாங்கன்னு யார் பார்க்கிறது? சின்ன வீட்டுக்கு எல்லாமே எம்25ன்னா குழப்பம் இல்லை.

நாங்க போனப்போ, கலவை இளகி ஓடணும்னு மேஸ்திரி இன்னொரு வாளி தண்ணி ஊத்தப் போனார். எம்25க்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு, மணல்ல இருக்கிற ஈரத்தையும் சேர்த்து, 25 லிட்டருக்கு மேல போகக்கூடாது. அதிகமான தண்ணி காய்ஞ்சதும் உள்ளே நுண்துளைதான் மிஞ்சும். அப்புறம் டிராயிங்ல எம்25ன்னு இருந்தாலும், நிக்கிறது அது இல்லை.

வாளியை நிறுத்தினோம். அதே கலவையில க்யூப் எடுத்து லேபுக்கும் அனுப்பினோம்.