திரும்பச் சொல்லும் கடை

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய அம்மா புக்கிட் மெர்தாஜாமில் தனியாக இருக்கிறார். மருந்தும் மளிகையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்புகள் எதுவும் அம்மாவுக்குப் புரியவில்லையாம். ‘வயதானவர்களுக்கு ஓர் அறிவிப்பை எப்படி எழுத வேண்டும்?’ என்று கேட்டிருந்தார்.

பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், கண்ணில் படும் இடத்தில் தொலைபேசி எண் என்பதெல்லாம் கடைக்காரர்களுக்கே தெரியும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு அம்மா போன் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். போனில் யார் என்ன கேட்டாலும் தாளில் எழுதிக்கொண்டு, எழுதியதைப் பார்த்து அப்படியே திரும்பப் படிப்பார். "ரெண்டு காத்தி வெங்காயம், ஒரு கிலோ சீனி. சரிதானேம்மா?" காத்தி என்பது ஏறக்குறைய 600 கிராம். பழைய ஆட்கள் இன்னும் காத்தியில் கேட்பார்கள், கடைப் பையன் கிலோவில் கட்டிவிடுவான். திரும்பப் படிக்கும்போது அந்தத் தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

மருத்துவமனைகளிலும் இதே முறைதான். மருத்துவர் போனில் சொல்லும் மருந்தைத் தாதி எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டி, ‘சரி’ என்ற பதில் வாங்க வேண்டும். கேட்டதை நினைவிலிருந்து ஒப்பித்தால் போதாது. காது சரியாகக் கேட்டும் கை தவறாக எழுதியிருக்கலாம். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த முறையில் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். ‘ஒன்று, ஐந்து’, ‘ஐந்து, சுழியம்’ என்றால் குழப்பமில்லை.

ஆனால், திரும்பப் படிப்பதால் பிடிபடாத தவறு ஒன்று உண்டு. அதை என் பெரியம்மாவிடம் பார்த்தேன்.

அவருக்கு இரத்தக் கொதிப்பு. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த பையில் ‘அம்லோடிபின் 5 மில்லிகிராம்’ என்று இருந்தது. இடையில் தலைசுற்றல் என்று வேறொரு மருத்துவரிடம் போனார். அங்கே சீட்டில் ‘நோர்வாஸ்க் 5 மில்லிகிராம்’ என்று எழுதினார்கள். கடைக்குப் போன் செய்தார், சீட்டை அனுப்பினார், மருந்து வீட்டுக்கே வந்தது. சொன்ன பெயர், எண், முகவரி எல்லாம் சரி. அதில் யார் திரும்பப் படித்திருந்தாலும் குறை கண்டிருக்க முடியாது.

நோர்வாஸ்க் என்பது அம்லோடிபினுக்கு ஒரு நிறுவனம் வைத்த வணிகப் பெயர். மருந்து ஒன்றுதான். பெட்டியும் மாத்திரையும் வேறாக இருந்ததால் பெரியம்மா இரண்டையும் போட்டுக்கொண்டார். தினம் 5 போய் 10 ஆனது. சில வாரங்களில் இரண்டு கணுக்காலும் வீங்கின. இந்த மருந்தின் அளவு கூடினால் இப்படி வீங்குவது தெரிந்த விளைவுதான். பெரியம்மாவோ, வயதானால் கால் வீங்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டார். இரண்டு பைகளையும் நான் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெட்டியில் சிறிய எழுத்தில் இருந்த பெயரைப் படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. உடனே மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

அந்தப் போன் உரையாடலில் ஒரே ஒரு கேள்வி விடுபட்டிருந்தது. "வீட்டில் இப்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? பையை எடுத்து வந்து படியுங்கள்." இதைக் கேட்க வேண்டியவர் மருந்தாளர். நிறத்தையோ வடிவத்தையோ கேட்டுப் பயனில்லை. தயாரிப்பாளர் மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில் வரும். பெயரையும் எண்ணையும்தான் படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாதவரால் அப்படிப் படிக்க முடியாது. அவர்களுக்கு, மருந்து கொண்டுவருபவர் பைகளைப் படம் எடுத்து மருந்தாளருக்கு அனுப்பி, அவர் பார்த்து ‘சரி’ என்ற பிறகே பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, வாசகி கேட்ட அறிவிப்பை நான் இப்படி எழுதுவேன்:

"மருந்து, மளிகை உங்கள் வீட்டுக்கு வரும். காலை 9 முதல் 12 வரை போன் செய்யுங்கள். தமிழில் பேசலாம்.
போன் செய்யும் முன், மருத்துவர் சீட்டையும் வீட்டில் உள்ள எல்லா மருந்துப் பைகளையும் பக்கத்தில் வையுங்கள்.
நீங்கள் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டுவோம். தவறு இருந்தால் சொல்லுங்கள்.
பொருள் வந்த பிறகு காசு கொடுங்கள். வங்கி விவரம் கேட்க மாட்டோம்."

இதில் ‘சர்க்கரைக்கு நல்ல மருந்து’, ‘கொதிப்பு குணமாகும்’ என்பதுபோல் எதையும் சேர்க்கவில்லை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற நோய்களைக் குணமாக்குவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், பெற்றோரிடம் அந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் கைப்பேசியில் செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது முதலில் அலமாரியைத் திறந்து, எல்லா மருந்துப் பைகளையும் மேசையில் பரப்பி, அம்மாவோடு உட்கார்ந்து, சிறிய எழுத்தில் இருப்பதையும் சேர்த்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு பைகளில் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு மருந்தாளரிடம் போங்கள்.