துக்க வீட்டுக் கணக்கு

"அண்ணன் இறந்துட்டார். உடலை எடுக்கக்கூட காசில்லை. மனசு உள்ளவங்க இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க. அதிகம் பகிரவும்." வாட்ஸப்பில் இந்த மாதிரிச் செய்தி வராத ஆள் குறைவு. இறந்தவரின் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, தேதியும் இருக்காது. எவ்வளவு தேவை என்றும் எழுதியிருக்காது. கீழே கண் மூடிய முகத்தின் புகைப்படம் மட்டும் இருக்கும். பார்க்கிறவர் ஒன்று நூறு ரூபாய் போட்டுவிட்டு மறந்துவிடுவார், இல்லையென்றால் சந்தேகப்பட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். உண்மையாகவே கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டாலும் பெரிய லாபமில்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைபேசியில் அந்தப் படம் மட்டும் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சாவுக்குப் பணம் திரட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பங்காளிகள் கொடுப்பார்கள், தெருவில் வசூலிப்பார்கள், சில ஊர்களில் கருமாதி வீட்டில் மொய் நோட்டே வைப்பார்கள். மொய் நோட்டில் யார் எவ்வளவு என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். முகம் தெரியாதவர்களிடம் போகும் வேண்டுகோள் அப்படியல்ல. கொடுத்தவருக்குத் திரும்ப வரப்போவது பணமல்ல, கணக்கு. அதனால் வேண்டுகோளை எழுதுகிறவர், பணம் வருவதற்கு முன்பே கணக்கை எழுதத் தொடங்கியாக வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். சென்னையில் பெயின்டர் வேலை பார்த்தவர், வயது நாற்பதைத் தாண்டியவர், மாரடைப்பில் அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டார். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பணம் திரட்ட நினைக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, எதற்குப் பணம் தேவையில்லை என்பதைத்தான்.

அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. 155377 என்ற எண்ணில் அழைக்கலாம். இது தெரியாமல் பிணவறை வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்குப் பேரம் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. சென்னையிலேயே தகனம் செய்வதாக இருந்தால், மாநகராட்சி மயானங்களில் அதற்குக் கட்டணம் கிடையாது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் அதற்கும் பணம் கட்ட வேண்டாம். இறந்தவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, பதிவைப் புதுப்பித்தும் வைத்திருந்தால் ஈமச்சடங்குக்கென்று 5,000 ரூபாய் கிடைக்கும். அது விண்ணப்பித்துப் பின்னால் வரும் பணம், நாளைய பாடைக்கு உதவாது. ஆனாலும் கணக்கில் அதற்கு ஒரு வரி வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் இறந்திருந்தால் சிக்கல் வேறு. பில் பாக்கியைக் காட்டி உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. நடைமுறையில் வாக்குவாதம் நடக்கத்தான் செய்கிறது. எப்படியிருந்தாலும் மருத்துவமனைப் பில்லையும் சாவுச் செலவையும் ஒரே வேண்டுகோளில் போட்டால் இரண்டுமே குழம்பும். பில் லட்சத்தில் இருக்கும், சாவுச் செலவு ஆயிரங்களில் இருக்கும். பணம் எங்கே போனது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இலவசமானவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் உண்மையான செலவு. நம் பெயின்டரின் ஊரில் ஒரு ராத்திரிக்கு ஐஸ் பெட்டி 3,500, பந்தலும் நாற்காலியும் 4,500, பாடை, பூ, மாலை 5,000, பறைக்கு 6,000, விறகு, வறட்டி, மயானத் தொழிலாளியின் கூலி எல்லாம் சேர்த்து 8,500, வந்தவர்களுக்கு டீயும் சாப்பாடும் 5,000, கோடித்துணி உள்ளிட்ட சில்லறைச் செலவு 2,500 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 35,000. ஊருக்கு ஊர் தொகை மாறும். இனங்கள் ஏறக்குறைய இவைதான். குடும்பத்தின் கையில் 7,000 இருக்கிறது, பங்காளிகள் 8,000 தருகிறார்கள். ஆக, கேட்க வேண்டியது 20,000. பதினாறாம் நாள் கருமாதிச் செலவு இதில் சேரவில்லை. அதற்கு நாள் இருக்கிறது.

ஒரு இனத்தை மட்டும் எல்லாரும் எழுதாமல் விடுவார்கள்: சரக்கு. பல ஊர்களில் சாவு வேலை செய்கிறவர்களுக்கும் இளவட்டங்களுக்கும் அது போகிறது என்பது ஊரறிந்த விஷயம். "இதர செலவு" என்று அதை மறைக்கும்போதுதான் கணக்கின் மேல் முதல் சந்தேகம் விழுகிறது. வேண்டுகோளில் வந்த பணத்திலிருந்து அதற்கு ஒரு ரூபாய்கூடப் போகாது, வாங்குகிறவர் தன் பாக்கெட்டிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கொஞ்சம் முணுமுணுப்பு வரும், வந்தால் வரட்டும்.

அடுத்தது பணம் எந்தக் கணக்குக்கு வருவது என்பது. அவசரத்தில் இறந்தவரின் ஜிபே எண்ணையே போட்டுவிடுகிறார்கள். கைபேசி வீட்டில்தானே இருக்கிறது, பின் நம்பரும் மனைவிக்குத் தெரியும் என்று நினைப்பு. ஆனால் இறந்தவரின் கணக்கை இன்னொருவர் இயக்கக் கூடாது. இறப்பு வங்கிக்குத் தெரிந்ததும் கணக்கு முடங்கும். பிறகு நாமினியோ வாரிசோ சான்றிதழ்களோடு அலைந்துதான் அந்தப் பணத்தை எடுக்க வேண்டும். மனைவியின் பெயரில் நடப்பில் உள்ள கணக்கு இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் எல்லாருக்கும் தெரிந்த ஒருவர், தான் அதிகம் புழங்காத கணக்கு ஒன்றைக் கொடுக்கலாம். சம்பளம், கரன்ட் பில், வீட்டு வாடகை எல்லாம் ஓடும் கணக்கில் இந்தப் பணமும் கலந்தால், கேட்கிறவர்களிடம் ஸ்டேட்மென்டைக் காட்டவே கூச்சமாகிவிடும். பணம் வாங்குகிறவர் ஒருவர், செலவை எழுதுகிறவர் வேறொருவர் என்று இருந்தால் இருவருக்கும் பாதுகாப்பு.

வருமான வரி விதி ஒன்றும் இங்கே குறுக்கே வரும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் ஒருவர் பெறும் அன்பளிப்புத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்படும். 20,000 கேட்கும் இடத்தில் இது பிரச்சினையில்லை. வேண்டுகோள் பரவி லட்சத்தைத் தொட்டால், பணத்தைத் தன் கணக்கில் வாங்கியவர் அது தனக்கு வந்ததல்ல என்று காட்ட வேண்டியிருக்கும். அப்போது கைகொடுப்பது வேண்டுகோளின் வாசகமும் செலவு நோட்டும்தான்.

இவ்வளவும் முடிவான பிறகு எழுதும் செய்தி தானாகவே நிதானமாக வரும். இப்படி இருக்கலாம்:

"திருவண்ணாமலை மாவட்டம் (ஊர்) சேர்ந்த பெயின்டர் (பெயர்) அவர்கள் (தேதி) அன்று மாரடைப்பால் காலமானார். இறுதிச் சடங்கு நாளை மதியம் சொந்த ஊரில் நடைபெறும். செலவு 35,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். குடும்பத்தாரும் உறவினர்களும் 15,000 ஏற்பாடு செய்துவிட்டார்கள். மீதி 20,000 ரூபாய்க்கு நண்பர்களின் பங்களிப்பை வேண்டுகிறோம். பணம் (பெயர்) என்பவரின் கணக்கில் பெறப்படுகிறது. அனுப்பும் முன் திரையில் இதே பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். தொகை சேர்ந்ததும், அல்லது (தேதி) மாலை 6 மணிக்கு, வசூல் நிறுத்தப்படும். மிஞ்சும் பணம் அவர் மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். செலவு விவரம் (தேதி) அன்று இதே குழுவில் வெளியாகும். குடும்பத்தின் சம்மதத்தோடு அனுப்பப்படுகிறது. விசாரிக்க: (ஒரே ஓர் எண்)."

இதில் அழுகை இல்லை. வறுமையின் பட்டியல் இல்லை, உடலின் படமும் இல்லை. குடும்பம் முதலில் தன் பங்கைப் போட்டிருக்கிறது என்பது தெரிகிறது. அந்த 15,000 பற்றிய வரியை எடுத்துவிட்டால் குடும்பம் கையேந்துவது போலாகும். அது இருந்தால் மற்றவர்கள் தோள் கொடுப்பது போலாகும். அனுப்புவதற்கு முன் மனைவிக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுவது முக்கியம். "பிள்ளைங்க பேரு வேண்டாம்ணே" என்று அவர் சொன்னால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும், விவாதம் கூடாது.

தேதி ஏன் இத்தனை இடத்தில் வருகிறது என்றால், இந்தச் செய்திகள் இறந்தவரைவிட நெடுநாள் உயிரோடு இருக்கின்றன. தேதியில்லாத வேண்டுகோள் ஆறு மாதம் கழித்தும் ஏதோ ஒரு குழுவில் நேற்று நடந்ததுபோல வந்து நிற்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வாசகத்தை அப்படியே வைத்துவிட்டு க்யூஆர் படத்தை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் பெறுபவரின் பெயரை வாசகத்திலேயே எழுதச் சொல்வது அதற்காகத்தான். திரையில் வேறு பெயர் வந்தால் அனுப்பாமல், விசாரிக்கும் எண்ணுக்கு அழைக்கலாம். பெயின்டர் சங்கம் ஒரு பக்கம், தெருக்காரர்கள் ஒரு பக்கம் தனித்தனியாக வசூலிப்பதும் நடக்கும். யாரும் திருடவில்லை என்றாலும் மொத்தம் எவ்வளவு வந்தது என்று எவருக்கும் தெரியாமல் போகும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரே நோட்டுக்குள் வருவது நல்லது.

செலவு நாளில் ரசீது கிடைப்பது பந்தல்காரரிடமும் ஐஸ் பெட்டிக்காரரிடமும் மட்டும்தான். பறையடிப்பவரும் மயானத் தொழிலாளியும் பில் போட்டுத் தர மாட்டார்கள். நோட்டில் பெயர், வேலை, தொகை எழுதி, அவர்களிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டால் போதும். இவர்களின் கூலியைத்தான் கடைசியில் "வசூல் கம்மிப்பா" என்று சொல்லிக் குறைக்கப் பார்ப்பார்கள். மதிப்பீட்டில் எழுதிய தொகையாகவே கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து ரொக்கமாகக் கொடுப்பவர்களின் பணத்தையும் அதே நோட்டில் தனிப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஜிபேயில் வந்தது ஸ்டேட்மென்டில் நிற்கும், ரொக்கத்துக்கு நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

முடிவுக் கணக்கு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நம் எடுத்துக்காட்டில் வந்தது 26,450 என்று வைத்துக்கொள்வோம். மாலை நேரத்துக்குள் 20,000 தாண்டியும் கொஞ்சம் வந்துவிட்டது. மொத்தச் செலவு 33,800. அதில் குடும்பத்தின் 15,000 போக, வேண்டுகோள் பணத்திலிருந்து எடுத்தது 18,800. மீதி 7,650 மனைவியின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. கூடவே இனவாரிச் செலவையும், அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்ணையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மனைவியின் கணக்கு எண் தெரியும் திரைப்படத்தை அப்படியே போடக் கூடாது. எண்ணை மறைத்துவிட்டுப் போடலாம்.

கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல்? வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையாளரின் பக்கம். 5,000 கொடுத்த கான்ட்ராக்டரின் பெயருக்குக் கீழே 50 ரூபாய் கொடுத்த ஹெல்பரின் பெயர் வந்தால், அடுத்த முறை அந்த ஹெல்பர் கொடுக்கவே தயங்குவார். தொகை சரியா என்று பார்க்க விரும்புகிறவர்களுக்காகத் தேதி, தொகை, பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் என்று பட்டியல் போட்டால், அவரவர் பணத்தை அவரவர் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

வசூல் நிறுத்தியபின்னும் பணம் வரும். மூன்றாம் நாள் யாரோ ஒருவர் பழைய செய்தியைப் பார்த்து 500 அனுப்புவார். அவரை அழைத்து, செலவெல்லாம் முடிந்துவிட்டது, திருப்பி அனுப்பவா, பிள்ளைகளின் செலவுக்குக் கொடுத்துவிடவா என்று கேட்டு, அவர் சொன்னபடி செய்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் ஏற்ற வேண்டும்.