247-ஐப் பார்த்து மிரளாதீங்க!

எல்.கே.ஜி. வாரிசுக்காகக் கடையில் வாங்கி சுவரில் மாட்டினீர்களே, அந்தத் தமிழ் எழுத்து சார்ட்டை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, இரண்டும் கல்யாணம் பண்ணிப் பெற்றெடுத்த உயிர்மெய் 216, ஒண்டிக்கட்டையாய் ஆய்தம் 1. மொத்தம் 247. கணக்கு டேலி ஆகிறது. குழந்தையின் முகம்தான் பேயறைந்த மாதிரி இருக்கிறது!

க, கா, கி, கீ என்று படுக்கை வசத்தில் ஒப்பிக்கச் சொன்னால் பிள்ளை பாட்டாகவே பாடிவிடும். நடுவில் 'மே'யைத் தொட்டு "இது என்னடா கண்ணா?" என்று கேளுங்கள். ம, மா, மி என்று முதலிலிருந்து ஓட்டினால், தெரிந்தது ராகம்தான், எழுத்து இல்லை.

அதனால் சார்ட்டை மேலிருந்து கீழே படியுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் க, ங, ச என்று 18 அட்டை. தனியாக ஒரு துண்டு அட்டையில் கால் (ா). அதைப் பக்கத்தில் நகர்த்த நகர்த்த கா, சா, பா, மா! ஒரே குறி, 18 எழுத்து. 1978-க்கு முன்னால் ணா, றா, னா மூன்றும் இந்த ஆட்டத்துக்கு அடங்காது, சுழித்துத்தான் எழுதணும். அந்த வருஷம் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தம் அவற்றுக்கும் கால் கொடுத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. 'க்' என்பதை 'இக்' என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, 'இக்'கும் 'ஆ'வும் சேர்ந்தால் என்ன என்று கேட்காதீர்கள். 'இக்கா' என்று பதில் வரும். அதன் கணக்கு சரிதானே! 'க'வை நீட்டினால் 'கா' என்று சொல்லுங்கள், போதும்.

அடுத்தது கொம்பு. வாயில் முதலில் வருவது 'ம', பேப்பரில் முதலில் வருவது கொம்பு. "மேசை எழுது" என்றால் பிள்ளை 'ம' போட்டுவிட்டு, வலது பக்கம் கொம்பு மாட்டும். இதற்கும் அட்டைதான் மருந்து. முதலில் 'ம' அட்டையை வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கொம்பு அட்டையை இடது பக்கம் கொண்டுவந்து ஒட்டி, 'மே' என்று படிக்கட்டும். இது கைக்குப் பழகிவிட்டால் 'மோ' சுலபம்: இடது பக்கம் கொம்பு, வலது பக்கம் கால்.

அட்டை ஆட்டம் தோற்கிற இடம் 'உ' வரிசை. இங்கே குறி தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் 18-ஐயும் தனித்தனியாக நெட்டுருப் போடவேண்டாம். சு, பு, யு, வு, ஙு ஒரு ஜாதி; கீழே நேர்க்கோடு இறங்கும். து, நு, லு, று, ஞு, ணு, னு இன்னொரு கோஷ்டி. டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. 'கு' மட்டும் தனிக்காட்டு ராஜா. நாளைக்கு ஒரு கோஷ்டி எழுதிப் பழகினால் போதும். 'ஊ' வரிசைக்கு அடுத்த வாரம்தான்.

கடைசியில் 'கௌ'. 'கௌதம்' என்று எழுதிக் காட்டுங்கள். 'கெளதம்' என்று படித்தால் திட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது 'ள'தானே சார்!