கையில் 12 லட்சம்: ஒரே நாளிலா, ஒரு வருடத்திலா?

2007 டிசம்பர் 31 அன்று நிஃப்டி குறியீடு 6,138 புள்ளிகளில் முடிந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் அது ஏறக்குறைய 55 சதவீதம் ஏறியிருந்தது. அன்றைக்குக் கையில் 12 லட்சம் ரூபாய் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பூர்வீக நிலத்தில் அவர் பங்குக்கு வந்த பணம். பத்து வருடத்துக்கு அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. நிஃப்டியைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் அவர் முழுப் பணத்தையும் அன்றே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2008 டிசம்பர் 31 அன்று நிஃப்டி 2,959. பன்னிரண்டு லட்சம் 5 லட்சத்து 79 ஆயிரமாகச் சுருங்கியிருக்கும். அவரே மாதம் ஒரு லட்சமாக, ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் பன்னிரண்டு தவணைகளில் போட்டிருந்தால் 8 லட்சத்து 38 ஆயிரம் மிஞ்சியிருக்கும். விலை இறங்க இறங்க அதே ஒரு லட்சம் கூடுதல் யூனிட்களை வாங்கித் தந்ததே காரணம். 2010 டிசம்பர் 31 அன்று நிஃப்டி 6,134-க்குத் திரும்பியபோது, மொத்தமாகப் போட்டவர் மூன்று வருடம் கழித்துப் போட்ட இடத்திலேயே நின்றார். தவணையில் போட்டவரிடம் 17 லட்சத்து 37 ஆயிரம் இருந்தது.

தவணையே மேல் என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொரு வருடத்தையும் பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 31. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. நிஃப்டி 8,598. அன்று 12 லட்சத்தையும் மொத்தமாகப் போட்டவரிடம் சரியாக ஒரு வருடம் கழித்து 20 லட்சத்து 50 ஆயிரம் இருந்தது. அன்றே தொடங்கி மாதம் ஒரு லட்சமாகப் போட்டவரிடம் 15 லட்சத்து 62 ஆயிரம். தவணைக்காகக் காத்திருந்த பணத்துக்குக் கிடைத்த வட்டியைச் சேர்த்தாலும் இடைவெளி நான்கரை லட்சத்துக்குக் குறையாது. பயந்து நிதானமாகப் போனவருக்கு அந்த நிதானத்தின் விலை அது.

இந்த இரண்டு வருடங்களும் இரண்டு ஓரங்கள். நடுவில் இருக்கும் சாதாரண வருடங்கள்தான் பதிலைத் தீர்மானிக்கின்றன. 2001 முதல் 2020 வரையிலான இருபது வருடங்களில் நிஃப்டி வருட முடிவில் இறங்கி நின்றது நான்கு முறைதான்: 2001, 2008, 2011, 2015. மற்ற பதினாறு வருடங்களில் கொஞ்சமோ நிறையவோ ஏறியே முடிந்தது. ஏறும் வருடங்கள் அதிகம் என்றால், பணத்தை வெளியே காக்கவைப்பவர் பெரும்பாலான நேரம் கொஞ்சம் இழக்கிறார். அமெரிக்காவின் வான்கார்டு நிறுவனம் 2012-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் பழைய சந்தைக் கணக்குகளை எடுத்து இதே கேள்வியைச் சோதித்தது. மூன்று நாடுகளிலுமே, மூன்றில் இரண்டு பங்கு தடவை, மொத்தமாகப் போட்டதே பன்னிரண்டு மாதத் தவணையை வென்றிருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மாதச் சம்பளத்திலிருந்து எஸ்.ஐ.பி. போடுகிறவர் பணத்தைப் பிரித்துப் போடுவதில்லை. வருகிற பணத்தை வருகிற அன்றே போடுகிறார். அடுத்த மாதச் சம்பளம் அவர் கையில் இன்னும் இல்லை. எஸ்.ஐ.பி.க்குச் சொல்லப்படும் புகழுரைகளை அப்படியே தூக்கி, கையில் மொத்தமாக இருக்கும் பணத்துக்கும் பொருத்துவது தவறு. மொத்தப் பணம் வைத்திருப்பவர் தவணை என்ற பெயரில் செய்வது, ஒரு பகுதியைப் பங்கிலும் மறுபகுதியை வட்டி தரும் இடத்திலும் வைத்துக்கொண்டு, மாதாமாதம் அந்த விகிதத்தை மாற்றுவது. பன்னிரண்டு மாதத் தவணையில், அந்த வருடம் முழுவதும் சராசரியாக ஏறக்குறைய பாதிப் பணம் சந்தைக்கு வெளியே நிற்கிறது.

அதன் விலையைத் தோராயமாகக் கணக்கிடலாம். பங்கு ஃபண்ட் வருடத்துக்கு 12 சதவீதமும் லிக்விட் ஃபண்ட் ஆறரை சதவீதமும் தருவதாக வைத்துக்கொண்டால் வித்தியாசம் ஐந்தரை சதவீதம். 12 லட்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகைக்கு அது ஏறக்குறைய 30,000 ரூபாய் வருகிறது. இதைக் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் போலப் பார்க்கலாம். பெரும்பாலான வருடங்களில் கட்டிய பிரீமியம் திரும்பி வராது. 2008 போல ஒரு வருடம் வந்தால் இரண்டரை லட்சம் காப்பாற்றும்.

ஆனால் அந்தக் காப்புக்கு ஒரு காலாவதித் தேதி உண்டு. பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். நம் முதலீட்டாளருக்கு அந்த 12 லட்சம் ஒரு வருடம் முன்னதாக, 2006 டிசம்பர் கடைசியில் வந்திருந்தால்? அப்போது நிஃப்டி 3,966. ஜாக்கிரதையாக மாதம் ஒரு லட்சமாகப் போட்டு 2007 நவம்பர் 30 அன்று கடைசித் தவணையை முடித்திருப்பார். கடைசி இரண்டு தவணைகளும் 5,700-க்கு மேல் வாங்கியவை. ஒரே மாதத்தில் சரிவு தொடங்கியபோது அவரிடம் வெளியே ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. 2008 முடிவில் அவரிடம் இருந்தது 8 லட்சத்து 5 ஆயிரம். அதே நாளில் மொத்தமாக 3,966-இல் போட்டிருந்தால் 8 லட்சத்து 95 ஆயிரம் இருந்திருக்கும். அவர் பயந்த அதே சரிவு வந்தது, தவணை போட்டவரையே அதிகமாக அடித்தது. தவணை ஆபத்தை நீக்குவதில்லை, தள்ளிப்போடுகிறது. பன்னிரண்டாவது மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒரே வெயிலில்தான் நிற்கிறார்கள்.

அப்படியானால் தவணையை ஏன் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறோம்? சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் கான்ஸ்டன்டினிடிஸ் 1979-லேயே, கணக்குப்படி இது சிறந்த வழி அல்ல என்று எழுதிவிட்டார். நடத்தைப் பொருளாதாரம் பேசும் மேயர் ஸ்டாட்மன் 1995-இல் இதற்கு மனத்தின் பக்கத்திலிருந்து விளக்கம் தந்தார்: மனிதர்கள் தவணையைப் பிடித்துக்கொள்வது லாபத்துக்காக அல்ல, வருத்தத்தைக் குறைத்துக்கொள்ள. அப்பா நாற்பது வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தை, தன் கையால், ஒரே நாளில் போட்டு, மூன்றாவது மாதம் அது பாதியானால் அந்த வலி சாதாரண நஷ்டத்தின் வலி அல்ல. வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அக்கா தங்கைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வலியில் பாதி விலைக்கு விற்றுவிட்டு வெளியேறுகிறவருக்கு, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்ற கணக்கால் ஒரு பயனும் இல்லை. விற்காமல் உட்கார்ந்திருக்க 30,000 ரூபாய் உதவும் என்றால் அது வீண் செலவு ஆகாது.

ஒருவர் தன்னைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். அப்பா விட்டுச்சென்றது 12 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டாக இல்லாமல், அதே மதிப்புள்ள இண்டெக்ஸ் ஃபண்ட் யூனிட்களாக வந்திருந்தால் என்ன செய்வார்? அன்றே எல்லாவற்றையும் விற்று, மாதம் ஒரு லட்சமாகத் திரும்ப வாங்குவாரா? பெரும்பாலானோர் அப்படியே வைத்துக்கொள்வார்கள். அப்படியே வைத்துக்கொள்வது சரி என்றால், பணமாக வந்ததை மொத்தமாகப் போடுவதும் அதற்குச் சமம்தான். மாறாக, “இல்லை, பாதியையாவது விற்றுவிடுவேன்” என்று தோன்றினால், அவருடைய சிக்கல் தவணையில் இல்லை. 12 லட்சம் முழுவதும் பங்கில் இருப்பதே அவருக்குத் தாங்காது. ஆறு லட்சத்தை நிரந்தரமாக வைப்புநிதியிலோ கடன் பத்திரங்களிலோ வைத்துவிட்டு, மீதி ஆறு லட்சத்தைப் பற்றி மட்டும் யோசிப்பது அவருக்குப் பொருத்தமான தீர்வு. பன்னிரண்டு மாதத்தில் முடிந்துபோகும் தவணையைவிட இந்தப் பிரிப்பு நீண்ட காலம் காக்கும்.

தவணைதான் என்று முடிவு செய்தவர் அதை எப்படிச் செய்கிறார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பணத்தைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டு, மாதாமாதம் சந்தையைப் பார்த்துப் போடலாம் என்று நினைப்பவர்கள் பாதியிலேயே நின்றுவிடக்கூடும். ஏறினால் “இறங்கட்டும்”, இறங்கினால் “இன்னும் இறங்கும் போலிருக்கிறது.” 2008 அக்டோபரில் ஒரே மாதத்தில் நிஃப்டி 3,921-இலிருந்து 2,886-க்கு விழுந்தது. மேலே பார்த்த 2008 கணக்கில் மிக மலிவாக வாங்கிய தவணைகள் அந்த அக்டோபரும் நவம்பரும்தான். பயத்தில் அந்த இரண்டை நிறுத்தியிருந்தால் 2010 முடிவில் தவணையின் பலனில் கணிசமான பகுதி போயிருக்கும். செய்தி பார்த்த பிறகே அடுத்த தவணையை முடிவு செய்கிறோம் என்று உணர்ந்தால், திட்டம் ஏற்கெனவே கையைவிட்டுப் போய்விட்டது என்று பொருள்.

இதற்காகவே மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களிடம் எஸ்.டி.பி. என்ற வசதி இருக்கிறது. மொத்தப் பணத்தையும் முதலில் லிக்விட் ஃபண்டில் போட்டுவிட்டு, குறித்த தேதியில் குறித்த தொகை பங்கு ஃபண்டுக்குத் தானாக மாறும்படி எழுதிக் கொடுப்பது. இரண்டு ஃபண்டுகளும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். அதனால் பங்கு ஃபண்டை முதலில் தேர்ந்துகொண்டு, அதே நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டை எடுப்பதே சரியான வரிசை. லிக்விட் ஃபண்டில் போட்ட முதல் வாரத்துக்குள் எடுத்தால் சிறிய வெளியேறும் கட்டணம் உண்டு என்பதால், முதல் மாற்றத்தை அதற்குப் பிந்தைய தேதியில் வைக்கலாம். ஒவ்வொரு மாற்றமும் வரிக் கணக்கில் ஒரு விற்பனை. லிக்விட் ஃபண்டில் கிடைத்த சிறு லாபம் அவரவர் வருமான வரி விகிதத்தில் சேரும். பங்கு ஃபண்ட் பக்கம் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஒரு வருடக் கணக்கு ஓடும். கடைசித் தவணைக்கு ஒரு வருடம் நிரம்பும் முன் எல்லாவற்றையும் விற்றால், அந்தப் பகுதியின் லாபத்துக்கு குறுகிய கால வரி விழும்.

எத்தனை மாதம் என்பதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை போதும். மூன்று வருடத் தவணை போடுகிறவர் மூன்று வருடமும் பிரீமியம் கட்டுகிறார். அத்தனை நாள் ஆனாலும் கடைசித் தவணைக்கு மறுநாள் சந்தை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீபாவளி போனஸாக வந்த எண்பதாயிரத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே ஃபண்டில் பல லட்சம் வைத்திருப்பவருக்கு அது இன்னொரு மாதத் தவணைதான், வந்த அன்றே போட்டுவிடலாம். பணிக்கொடையோடு ஓய்வு பெறுகிறவர் நிலை வேறு. அவருக்கு முதல் ஐந்து வருடச் செலவுப் பணம் சந்தைக்குள் வரவே கூடாது. அதை ஒதுக்கிய பிறகு பங்குக்கு என்று மூன்று நான்கு லட்சம் மிஞ்சினால், அதை ஒரே நாளில் போட்டாலும் ஆறு மாதத்தில் போட்டாலும் சாதாரண வருடத்தில் வித்தியாசம் சில ஆயிரங்களைத் தாண்டாது. அவர் எது தூக்கத்தைக் கெடுக்காதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.