மாசக் கடைசி பில்லும் மறுமாத ஆர்டரும்

பிஸ்கட் கம்பெனி ஒன்றின் விற்பனை எக்ஸிக்யூட்டிவுக்கு மாத டார்கெட் 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 27-ஆம் தேதி வரை 12 லட்சம்தான் ஆகியிருக்கிறது. டீலரிடம் போய், "அண்ணாச்சி, இந்த மாசம் மட்டும் எடுத்துக்குங்க, அடுத்த மாசம் சரிக்கட்டிடலாம்" என்று கெஞ்சி, மூன்றே நாளில் 9 லட்சத்துக்குப் பில் போட்டுவிடுகிறார். கணக்கில் 21 லட்சம், இன்சென்டிவ் உறுதி. சரக்கோ டீலரின் குடோனைத் தாண்டவில்லை.

கம்பெனியிலிருந்து டீலருக்குப் போவது பிரைமரி விற்பனை, டீலரிடமிருந்து கடைக்குப் போவது செகண்டரி. பிரைமரியை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், சரக்கைத் தள்ளுகிறவர்தான் எப்போதும் முதலிடத்தில் நிற்பார். தேங்கிய பிஸ்கட் சில மாதம் கழித்துக் காலாவதியாகித் திரும்பி வரும்போது, அவர் வேறு ஏரியாவுக்கு மாறியிருக்கவும் கூடும்!

ஆகவே எண்ணையே முதலில் சரிசெய்ய வேண்டும். நூறு மதிப்பெண்ணில் 60-ஐச் செகண்டரிக்கு வைப்போம். நம்மவர் கடைகளுக்கு உண்மையில் விற்றது 14 லட்சம்; அதாவது 70 சதவீதம், 42 மதிப்பெண். பக்கத்து ஏரியாக்காரர் பிரைமரியில் டார்கெட்டைத் தொடவில்லை, ஆனால் கடைகளுக்கு 18 லட்சம் விற்றிருக்கிறார். அவருக்கு 54.

மீதி 40 உறவுக்கு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கடைக்காரரிடம் "நம்ம பையன் எப்படி?" என்று கேட்டால், "தங்கமான தம்பி சார்" என்றுதான் பதில் வரும். கேட்டபோதெல்லாம் கடன் கொடுக்கிறவரை யாருக்குத்தான் பிடிக்காது? அதனால் உறவை நடத்தையில் தேட வேண்டும். மூன்று மாதமும் விடாமல் வாங்கிய கடைகள் எத்தனை என்பதற்கு 20, பில் தொகை தவணைக்குள் வந்ததா என்பதற்கு 20. முதலாமவரின் 200 கடைகளில் விடாமல் வாங்கியவை 100, இரண்டாமவருக்கு 160. தவணைக்குள் வந்த தொகை முதலாமவருக்கு 40 சதவீதம், இரண்டாமவருக்கு 90. கூட்டிப் பார்த்தால் ஒருவர் 60, மற்றவர் 88. பிரைமரிப் பட்டியல் காட்டிய வரிசை தலைகீழாகிவிட்டது.

மேனேஜர் எக்ஸிக்யூட்டிவைக் கூட்டிக்கொள்ளாமல் அந்த பீட்டில் பத்துக் கடை ஏறி இறங்கினால் இன்னும் தெளியும். போன ஸ்கீமின் இலவசப் பாக்கெட் முழுதாக வந்ததா, நொறுங்கிய சரக்கை எத்தனை நாளில் மாற்றித் தந்தார் என்று கேட்கலாம். அபிப்பிராயத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்டால் கடைக்காரர் முகத்துக்காகப் பேச மாட்டார்.

ஏரியாவுக்குப் புதிதாக வந்தவரிடம் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. முன்னவர் விட்டுப்போன பாக்கியும் குடோன் சரக்கும் அவர் தலையில் விழும். பொறுப்பேற்ற நாளில் இரண்டையும் எண்ணி, டீலரிடம் கையெழுத்து வாங்கிவைத்துவிட்டு, அதற்குப் பிந்தைய பில்களை மட்டும் அவர் பெயரில் எழுத வேண்டும்.